தாத்தா பாட்டியின் கேலி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரைப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளை அழைத்துப் போக வருபவர்களில் பெற்றோரும் உண்டு, தாத்தா பாட்டிகளும் உண்டு. வாசலில் செருப்பு மாட்டும் நேரத்திற்குள் தாத்தா ஒரு கேலியைச் சொல்லிவிடுவார். மறுநாள் அம்மாவோ அப்பாவோ அதைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை என்பதால் அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சாப்பாட்டு ராமன், பகாசுரன்னு என் பையனை எங்க அம்மா கூப்பிடுறாங்க. அவனுக்கு வருத்தமா இருக்காதா?

பெரும்பாலும் இருக்காது. காரணம், அவன் அந்தச் சொல்லை மட்டும் கேட்பதில்லை. சொல்லும்போது பாட்டியின் கை என்ன செய்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரவுச் சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு தோசை முடித்துவிட்டு ஐந்தாவது கேட்கிறான் பத்து வயதுப் பேரன். அடுப்பின் முன் நிற்கும் அம்மாச்சி, "மாவுச் சட்டியையே தூக்கி உன் முன்னாடி வச்சிடுறேன், நடுவுல கரண்டி எதுக்கு?" என்கிறார். அப்படிச் சொல்லிக்கொண்டே கல்லில் மாவை ஊற்றி, ஓரம் முழுக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் விட்டு, முறுகும்வரை பொறுத்திருந்து எடுத்துத் தட்டில் போடுகிறார். கேட்காமலேயே சட்னியும் வந்து விழுகிறது. வாய் மறுப்பதைப் போலப் பேசுகிறது, கையோ கேட்டதற்கு மேல் கொடுக்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று பத்து வயதுப் பையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உளவியலாளர் டேக்கர் கெல்ட்னரும் அவருடைய சகாக்களும் 2001-இல் எழுதிய ஒரு விரிவான கட்டுரையில், கேலி என்பது ஒரு சீண்டலும் அந்தச் சீண்டலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று காட்டும் குறிப்புகளும் சேர்ந்தது என்று விளக்கினார்கள். மிகைப்படுத்திய சொல், இழுத்துப் பேசும் குரல், முகபாவம் முதலியவையே அந்தக் குறிப்புகள். நம் வீடுகளில் இவற்றோடு பரிமாறும் கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். எல்லாவற்றிலும் வலுவான குறிப்பு அதுதான். அதே அம்மாச்சி அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மாவுச் சட்டியை மூடி வைத்தால், பேரன் சிரிக்க மாட்டான்.

அதே வார்த்தையை நான் சொன்னா அழுறான், அவங்க சொன்னா சிரிக்கிறான். அப்போ எங்கிட்ட மட்டும் என்ன தப்பு?

உங்களிடம் தப்பு ஒன்றும் இல்லை, அதிகாரம் இருக்கிறது. நீங்கள் "சோம்பேறி" என்று சொன்னால் அதைத் தொடர்ந்து ஏதோ ஒன்று நடக்கும் என்பது பிள்ளையின் அனுபவம்: டிவி அணையும், கைப்பேசி பிடுங்கப்படும், அல்லது மாலை விளையாட்டு ரத்தாகும். தாத்தா சொன்னால் அதன்பின் ஒன்றும் நடப்பதில்லை. தண்டனைக்கு முன்னால் வரும் சொல்லும் எதற்கும் முன்னால் வராத சொல்லும் எழுத்தில் ஒன்றாக இருந்தாலும் காதில் ஒன்றாக விழுவதில்லை.

இது தமிழ் வீட்டுக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய வழக்கம் அனுமதிக்கிற, மற்றவர் அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று எதிர்பார்க்கிற உறவுகளைப் பற்றி விவரித்தார். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பிற இடங்களிலும் பாட்டன் பாட்டிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இடையே இத்தகைய உறவு காணப்படுவதையும், பேத்தியைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் பாட்டன் பாசாங்கு செய்யும் வழக்கத்தையும் அவர் குறிப்பிட்டார். "என் பேராண்டிதான் என் புருஷன்" என்று சொல்லிச் சிரிக்கும் அப்பத்தாக்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது. 1956-இல் டோரியன் ஆப்பிள் என்ற ஆய்வாளர் பல சமூகங்களை ஒப்பிட்டுப் பார்த்து, குடும்ப அதிகாரத்திலிருந்து பாட்டன் பாட்டி விலகியிருக்கும் இடங்களில் அவர்கள் பேரப்பிள்ளைகளோடு நெருங்கிய தோழமையோடும், அதிகாரம் அவர்கள் கையில் இருக்கும் இடங்களில் விலகலோடும் இருப்பதாகக் கண்டார்.

எத்தனை வயசுல இது கேலின்னு பிள்ளைக்குப் புரியும்?

கேலி என்ற விளையாட்டு, பேச்சு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எட்டு ஒன்பது மாதக் குழந்தை கையிலிருக்கும் பொம்மையை உங்களிடம் நீட்டி, நீங்கள் வாங்கப் போகும்போது சட்டென்று இழுத்துக்கொண்டு சிரிப்பதைக் கவனித்திருப்பீர்கள். கைக்குழந்தைகளின் சீண்டலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த வாசுதேவி ரெட்டி இதைத்தான் ஆவணப்படுத்தினார். ஆகவே உடம்பால் செய்யும் கேலி சின்ன வயதிலேயே பிடிபட்டுவிடுகிறது.

சொல்லால் செய்யும் கேலி அப்படியன்று. சொன்னதற்கு எதிரானதைத்தான் நினைக்கிறார் என்பது ஏறத்தாழ ஐந்து ஆறு வயதில்தான் விளங்கத் தொடங்குகிறது. அதில் வேடிக்கை இருக்கிறது என்பது பிடிபட இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். மூன்று வயதுக் குழந்தையிடம் "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்றால், அது தவிடு கொடுத்தவரைத் தேடும். சாப்பாட்டுக் கேலியில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் தட்டில் சோறு விழுவது கண்ணுக்குத் தெரிகிறது. பிறப்பையும் "விட்டுட்டுப் போயிடுவேன்" என்பதையும் வைத்துச் செய்யும் கேலிக்கு அப்படிக் கண்ணுக்குத் தெரியும் மறுப்பு இல்லாததால், சின்னக் குழந்தைகளிடம் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

ஏன் எப்பப் பாத்தாலும் சாப்பாடு, தூக்கம், மார்க்கு? வேற பேச்சே கிடையாதா?

இந்த மூன்றைப் பற்றித்தான் நீங்களும் பிள்ளையைக் கடிந்துகொள்கிறீர்கள் என்பதைக் கவனித்தீர்களா? நாள் முழுவதும் கண்டிப்பாகக் கேட்ட விஷயத்தையே தாத்தா பாட்டி கையிலெடுத்து வேடிக்கையாக மாற்றுகிறார்கள். "சாப்பிட்டியா, எழுந்தியா, படிச்சியா" என்ற கேள்விகளின் முள்ளை எடுத்துவிட்டுக் கேட்பதைப் போன்றது இது. இன்னொன்றும் உண்டு. பசியும் சோம்பலும் மதிப்பெண்ணும் நாளுக்கு நாள் மாறக்கூடியவை. இன்றைக்கு நான்கு தோசை, நாளைக்கு ஒன்றரை. இந்தத் தேர்வில் 40, அடுத்ததில் 60. மாறக்கூடிய ஒன்றைப் பற்றிய கேலி பிள்ளையின் மேல் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. நிறமும் உயரமும் திக்குவாயும் அப்படி மாறுவதில்லை. அவற்றைப் பற்றிப் பாட்டியே பேசினாலும் நான் கேலியில் சேர்க்க மாட்டேன்.

மூன்றாவது காரணம் கண்ணேறு. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று வாய்விட்டுப் புகழ்ந்தால் மறுநாள் வயிற்றுப்போக்கு வரும் என்று நம்பிய தலைமுறை அது. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்த குழந்தைக்குப் பிச்சை என்றும் குப்பம்மாள் என்றும் பெயர் வைத்ததும் இதே அச்சத்தால்தான். மார்கரெட் ட்ராவிக் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு வாழ்ந்து 1990-இல் வெளியிட்ட நூலில், அங்கே அன்பு அடக்கமாக மறைக்கப்படுவதையும் கடுமையின் வடிவத்திலேயே வெளிப்படுவதையும் விரிவாக எழுதினார். "நல்லாச் சாப்பிடுறான், கண்ணு பட்டுடும்" என்பதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு வாயால் "பகாசுரன்" என்று சொல்பவர், தம் கணக்கில் பேரனுக்குக் காவல் போடுகிறார்.

நல்லா சாப்பிட்டா "வயிறா, குதிரா"ங்கிறாங்க. சாப்பிடலைன்னா "கோழி கொத்துற மாதிரி கொத்துறே"ங்கிறாங்க. எப்படிச் சாப்பிட்டாலும் விடமாட்டாங்களா?

விடமாட்டார்கள். எவ்வளவு உள்ளே போனது என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே இரண்டின் பொருளும். பிள்ளைகளுக்கும் இது தெரியும். கேலியே வராத வீட்டில்தான், "நான் சாப்பிட்டேனான்னு யாருமே கேக்கலை" என்று என்னிடம் சொன்ன ஒரு மாணவி இருந்தாள்.

லீவுல பத்து மணி வரைக்கும் தூங்குறா. தாத்தா "கும்பகர்ணன் தங்கச்சி"ன்னு ஊரெல்லாம் சொல்றார். ஆனா நான் எழுப்பப் போனா என்னைத் திட்டுறார். இது என்ன நியாயம்?

நீங்கள் கொண்டுவரும் வழக்கை அவர் தள்ளுபடி செய்கிறார், அவ்வளவுதான். நீங்கள் "பொறுப்பில்லாதவள்" என்று சொன்னால் அது குற்றச்சாட்டு. அதற்கு விசாரணை நடக்கும். அவர் முந்திக்கொண்டு "கும்பகர்ணன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டால் விஷயம் கதையாகிவிடுகிறது, கதைக்கு யாரும் தண்டனை கொடுக்க முடியாது. மேலும் அவரே போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்திருப்பார், கவனித்துப் பாருங்கள். முதல் கேள்வியில் சொன்ன வாயும் கையும்தான் இங்கேயும் வேலை செய்கின்றன.

உங்களுக்கு எழும் எரிச்சலும் நியாயமானதே. பள்ளி திறக்கும் வாரத்தில் தூக்க நேரத்தைச் சரிசெய்ய வேண்டியவர் நீங்கள்தான், தாத்தா அல்லர். விடுமுறையின் கடைசி ஒரு வாரத்தை மட்டும் உங்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி அவரிடம் கேட்டுப் பாருங்கள். மிச்ச நாள்களைக் கும்பகர்ணனுக்கே விட்டுவிடலாம்.

கணக்குல 38 வாங்கிட்டு வந்தவன்கிட்ட "மாடு மேய்க்க ஆள் கிடைச்சாச்சு"ன்னு சொல்றது சரியா? அவன் மனசு உடையாதா?

சில வீடுகளில் உடையும், சில வீடுகளில் உடையாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன், அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 38. தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்பதால் தப்பித்தான், ஆனால் அப்பாவிடம் காட்டப் பயந்து ரேங்க் கார்டைத் தாத்தாவிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லாப் பாடங்களையும் மேலிருந்து கீழாக வாய்விட்டுப் படித்தார். தமிழ் 81 என்றபோது "புலவர்" என்றார். கணக்குக்கு வந்ததும், "முப்பத்தெட்டு. சரி, மாடு மேய்க்க ஆள் கிடைச்சாச்சு. எத்தனை மாடு போச்சு, எத்தனை வந்துச்சுன்னு எண்ணவாவது தெரியுமா?" என்றார். பையன் முறைத்தான். தாத்தா குரலைத் தாழ்த்தி, "உங்கப்பன் இதே ஏழாவதுல வாங்குனது இருபத்திரண்டு. போய்க் கேளு" என்றார்.

அந்த இருபத்திரண்டுதான் இதில் முக்கியமான இடம். முதல் கேலி பையனைக் கீழே இறக்கியது. அடுத்த வாக்கியம், அவன் யாருக்குப் பயந்தானோ அவரையும் பக்கத்தில் இறக்கி உட்கார வைத்தது. தோற்றவன் தனியாள் இல்லை என்று ஆகிவிட்டது. அதோடு தாத்தா நிறுத்தியிருந்தால் அது வெறும் ஆறுதல். மறுநாள் காலையில் பால் வாங்கப் போகும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு போய், வழியெல்லாம் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டே வந்தார். தப்பாகச் சொன்னால் "ஒரு மாடு தொலைஞ்சுது" என்பார். வீடு வந்து சேர்வதற்குள் தொலைந்த மாடுகளின் எண்ணிக்கையைப் பையனே சொல்ல வேண்டும். கேலி பாடமாக மாறியது. 38 என்ற எண்ணைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

இதே வாக்கியம் வலிக்கும் வீடும் எனக்குத் தெரியும். அங்கே தாத்தா அதைச் சொன்னது மாலையில் வந்திருந்த உறவினர்களின் முன்னிலையில். சொன்னதற்குப் பிறகு பேச்சு நிலத்தகராறுக்குப் போய்விட்டது, பையன் நின்ற இடத்திலேயே நின்றான். இரண்டாவது வாக்கியமும் இல்லை, மறுநாள் காலையும் இல்லை. இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மாடு வைத்துப் பிழைத்த தாத்தா இதைச் சொன்னால், தம் இளமையைப் பேரனுக்கு அறிமுகப்படுத்துகிறார். மாட்டுத் தொழுவத்தையே பார்க்காதவர் சொன்னால் அதில் ஒரு தொழிலின் மீதான இளக்காரம் மட்டுமே மிஞ்சும், அதையும் பிள்ளை சேர்த்துக் கற்றுக்கொள்ளும்.

அப்பாவோட பழைய மார்க்கை எடுத்துவிட்டா அப்பாவுக்கு மரியாதை போகாதா? நான்தான் அந்த அப்பா.

கொஞ்சம் போகும். உங்கள் அப்பா அதை உங்களிடம் அனுமதி கேட்டுச் செய்யப்போவதும் இல்லை. ஆனால் மேலே சொன்ன வீட்டில் பையன் அன்றிரவு "இருபத்திரண்டா?" என்று கேட்டபோது, அப்பா மறுக்காமல் "இருபத்திமூணு" என்று திருத்தினார். அதன்பிறகு அந்த வீட்டில் ரேங்க் கார்டு தாத்தா வழியாகப் போவது நின்றுவிட்டது.

பதிலுக்கு இவனும் ஆரம்பிச்சுட்டான். "உனக்குத்தான் பல்லு இல்லையே, முறுக்கு எதுக்கு?"ன்னு அப்பத்தாகிட்டயே கேக்குறான். அடக்கணுமா?

அப்பத்தா சிரித்தாரா என்று முதலில் பாருங்கள். சிரித்துவிட்டு, "நான் ஊறவச்சுச் சாப்பிடுவேன்டா, நீ ஒண்ணுக்கு மேல எடுக்காதே" என்று பதில் சொன்னார் என்றால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை. இந்தக் கேலியைப் பிள்ளைகள் அன்பாக எடுத்துக்கொள்வதற்கு ஒரு பெரிய காரணமே, திருப்பிக் கொடுக்க முடியும் என்பதுதான். ஆசிரியரிடமும் அப்பாவிடமும் சொல்ல முடியாததை எழுபது வயதுக்காரரிடம் சொல்லலாம், அவர் அதற்குக் குதூகலப்படுவார் என்பது ஒரு சிறுவனுக்கு எவ்வளவு பெரிய சலுகை!

சிக்கல் வருவது, பெரியவர் சொல்லலாம், பிள்ளை சொன்னால் முதுகில் விழும் என்று இருக்கும் வீட்டில். "தாத்தாவையே எதிர்த்துப் பேசுறியா?" என்று நீங்கள் இடையில் புகுந்து அடித்தால், அதுவரை விளையாட்டாக இருந்தது அந்த நொடியிலிருந்து வெறும் ஏச்சாக மாறிவிடும். எல்லை வேண்டுமென்றால், பெரியவருக்கும் சிறியவருக்கும் பொதுவானதாக வையுங்கள்: நோய், சாவு, பணமின்மை ஆகிய மூன்றையும் இருவரும் தொடக்கூடாது.

எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். அம்மாதான் பிள்ளையைப் பார்த்துக்குறாங்க. முன்னெல்லாம் கேலி பண்ணுவாங்க, இப்போ ஒரே திட்டு. ஏன் மாறிட்டாங்க?

இரண்டாவது கேள்வியில் சொன்ன அதிகாரத்தை நீங்கள் அவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். காலையில் எழுப்புவதும், டிபன் டப்பாவைக் காலி செய்ய வைப்பதும், வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைப்பதும் அவர் பொறுப்பு என்றால், "சோம்பேறி" என்று அவர் சொல்வதற்குப் பின்னால் இப்போது உண்மையான கவலை இருக்கிறது. ஆட்டோ வந்து நிற்கும்போது கும்பகர்ணன் கதை யாருக்கும் வேடிக்கையாக இருக்காது. அவர் மனம் மாறவில்லை, வேலை மாறியிருக்கிறது.

கண்டிக்கும் வேலைகளில் ஒன்றிரண்டையாவது நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடத்தை இரவு எட்டு மணிக்கு மேல் நீங்களே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டால், மாலை நேரம் பாட்டிக்கும் பேரனுக்கும் மிச்சமாகும்.

சிரிச்சுக்கிட்டுத்தானே போறான்? உள்ளுக்குள்ள வலிக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேலி செய்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஜஸ்டின் க்ரூகரும் சக ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வுகளில், தம்முடைய நல்லெண்ணம் எதிராளிக்கு எவ்வளவு தெளிவாகப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கேலி செய்பவர்கள் மிகையாக மதிப்பிடுவதாகக் கண்டார்கள். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், அவனுக்கே தெரியும்" என்று தாத்தா உறுதியாகச் சொல்வது அவருடைய எண்ணத்துக்குச் சான்று. பேரனின் மனத்துக்குச் சான்று ஆகாது.

பிள்ளையிடம் பார்க்க வேண்டியது சிரிப்பை அன்று, சிரிப்பு வரும் நேரத்தை. ரசிக்கும் பிள்ளை கேலி முடிவதற்கு முன்பே சிரித்துவிடும், அல்லது பதிலடி தேடும். வலிக்கும் பிள்ளை முதலில் மற்றவர்களின் முகத்தைப் பார்க்கும், அவர்கள் சிரித்த பிறகு தானும் சிரிக்கும். பதிலே சொல்லாது. கேலி வந்ததும் தட்டிலிருந்து கை விலகும். அந்த வீட்டில் மட்டும் குறைவாகச் சாப்பிடும். ரேங்க் கார்டை முதலில் தாத்தாவிடம் காட்டியவன் கடைசியாகக் காட்டுவான். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, யாரும் சொல்வதற்கு முன்பே "நான்தான் மக்கு" என்று தானே சொல்லிக்கொள்வது. அடி விழுவதற்கு முன்பே குனிந்துகொள்ளும் செயல் அது.

பொண்ணுக்குப் பதிமூணு வயசு. "நாலு இட்லியா, உடம்பைப் பாத்தியா"ன்னு பாட்டி சொன்னதுல இருந்து ராத்திரி சாப்பாடே வேண்டாங்கிறா. சின்ன வயசுல இதே பாட்டி சொன்னதுக்கெல்லாம் சிரிச்சவதான்.

இரண்டு விஷயங்கள் மாறியிருக்கின்றன. பிள்ளையின் உடம்பு மாறும் வயது இது. அதைப் பற்றி அவளுக்கே தயக்கம் இருக்கும். அதைவிட முக்கியமாக, கேலியின் இலக்கு மாறிவிட்டது. "மாவுச் சட்டியையே வச்சிடுறேன்" என்பது பசியைப் பற்றியது. "உடம்பைப் பாத்தியா" என்பது உடம்பைப் பற்றியது. முதலாவதற்குப் பின்னால் இன்னொரு தோசை வரும். இரண்டாவதற்குப் பின்னால் தட்டு நகர்த்தப்படும், குறைந்தபட்சம் அப்படித் தோன்றும். வாயும் கையும் ஒரே திசையில் போய்விட்டால் அது கேலியாக இருப்பது நின்றுவிடுகிறது.

அமெரிக்காவின் மினசோட்டாவில் வளரிளம் பருவத்தினரிடம் நடத்தி 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், எடையைப் பற்றிய கேலிக்கு ஆளான பிள்ளைகளிடம் தம் உடம்பின் மீதான அதிருப்தியும் மனச்சோர்வின் அறிகுறிகளும் கூடுதலாகக் காணப்பட்டன. கேலி பள்ளித் தோழர்களிடமிருந்து வந்தாலும் வீட்டாரிடமிருந்து வந்தாலும் அந்தத் தொடர்பு இருந்தது. அதனால், "வீட்டுல சொல்றதுதானே" என்ற சமாதானம் இந்த ஒரு விஷயத்தில் செல்லாது. பாட்டியிடம் கேலியையே நிறுத்தச் சொல்ல வேண்டாம். உடம்பு, எடை, சுற்றளவு பற்றிய சொற்களை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்; இட்லியை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யட்டும். மகள் தொடர்ந்து உணவைத் தவிர்த்தாலோ, எடை குறைந்தாலோ, மாதவிலக்கு தள்ளிப்போனாலோ மருத்துவரைப் பார்ப்பதில் தாமதிக்காதீர்கள்.

பேரன் அஞ்சு தோசை சாப்பிட்டா "சிங்கக்குட்டி". பேத்தி மூணு கேட்டா "போற வீட்டுல என்ன சொல்வாங்க?" இதையும் அன்புன்னு எடுத்துக்கணுமா?

வேண்டாம். இது கேலியின் குரலில் சொல்லப்படும் விதி. பெண் கம்மியாகச் சாப்பிட வேண்டும் என்று அந்தப் பாட்டிக்கு யாரோ சொன்னது, அவர் கடைசியாக மீந்ததைச் சாப்பிட்டே வாழ்ந்தது எல்லாம் உண்மைதான். அதற்காகப் பேத்தி அதை ஏற்க வேண்டியதில்லை. சோம்பல் கேலியிலும் இதே கோணல் உண்டு. பேரன் பத்து மணி வரை தூங்கினால் கும்பகர்ணன் கதை, பேத்தி தூங்கினால் மூதேவி.

பிள்ளைகள் இதை வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்துத் தட்டைப் பார்த்தால் போதும். இந்த இடத்தில் நீங்கள் சும்மா இருப்பது பாட்டியோடு சேர்வதாகும். வாக்குவாதம் வேண்டாம் என்றால், அந்த மூன்றாவது தோசையை நீங்களே எழுந்து போய் ஊற்றிக் கொண்டுவந்து மகளின் தட்டில் வையுங்கள்.

நாங்க லண்டன்ல இருக்கோம். ஊர்ல இருக்கிற அம்மம்மா வீடியோ காலில் "என்னடா பூசணிக்காய் மாதிரி ஆயிட்டே"ங்கிறா. பிள்ளை முகம் சுருங்கிப் போகுது. அவனுக்குத் தமிழ் கொஞ்சந்தான்.

திரையில் கை இல்லை. தட்டில் விழும் சோறும் தலையைத் தடவும் விரலும் இல்லாமல் வெறும் சொல் மட்டும் போய்ச் சேர்கிறது. அதுவும் அரைகுறையாக விளங்கும் மொழியில். கூடவே, உடம்பைப் பற்றிப் பேசுவது பெரிய மரியாதைக் குறைவு என்று பள்ளியில் அவனுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்கோ "பூசணிக்காய்" என்பது பிள்ளை பசியில்லாமல் இருக்கிறான் என்ற நிம்மதி. போரையும் இடப்பெயர்வையும் கண்ட தலைமுறைக்கு அது சின்ன நிம்மதி அன்று.

அம்மம்மா சொன்னதை மட்டும் மொழிபெயர்க்காமல், அவர் முன்பு செய்ததையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். கோடை விடுமுறைக்குப் போனபோது அவனுக்காக இடித்த அரிசிமாப் புட்டு, பொதிசெய்து அனுப்பிய பருத்தித்துறை வடை இவையெல்லாம் அவனுக்குத் தெரிந்தால் சொல்லோடு ஒரு கை சேரும். அம்மம்மாவிடம், உடம்பை விட்டுவிட்டு "இண்டைக்கு என்ன சாப்பிட்டனி?" என்று தொடங்கச் சொல்லுங்கள். அவன் "பீட்சா" என்பான். அதற்குமேல் கேலிக்கு அவருக்குப் பஞ்சமிருக்காது. ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு வந்தால், அதன்பிறகு வரும் அழைப்புகளே வேறாக இருக்கும்.

என் மாமியார்கிட்ட இதையெல்லாம் யார் சொல்றது? நான் சொன்னா "இத்தனை பிள்ளை வளர்த்தவளுக்கு நீ பாடம் எடுக்குறியா"ன்னு கேப்பாங்க.

கேட்பார்கள். ஆகவே நீங்கள் போக வேண்டாம், உங்கள் கணவர் போகட்டும். தம் அம்மாவிடம் மகன் சொல்லும்போது அது புகாராக ஒலிப்பது குறைவு. அவரும் "கேலி பண்ணாதீங்க" என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் பாட்டி பேசுவதையே நிறுத்திவிடுவார், பேரனுக்கு அது பெரிய இழப்பு. ஒரே ஒரு சொல்லைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்: "அம்மா, மக்குங்கிறதை மட்டும் விட்டுருங்க, அவன் ராத்திரி அழுறான்." பிள்ளை அழுதது அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தபின் அதே சொல்லை மறுபடி எடுக்கும் பாட்டிகள் குறைவு. பெரும்பாலும் வேறொரு பட்டப்பெயரைத் தயாரித்துவிடுவார்கள்.

உறவினர் கூடும் நாள்களுக்கு மட்டும் இன்னொரு ஏற்பாடு தேவைப்படலாம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பாட்டி மதிப்பெண்ணைப் பற்றித் தொடங்கினால், நீங்கள் தடுக்கப் போகாமல், உங்கள் கணவர் தம்முடைய ஏழாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணைத் தாமே முந்திக்கொண்டு சொல்லிவிடட்டும்.